ஆறு விநாடியும் பத்து நாளும்

லண்டனில் இயங்கும் 'தி கார்டியன்' நாளிதழின் இணையதளத்தில் ஒரு கட்டுரையைத் திறந்தால், கண்ணுக்குத் தெரியும் பக்கத்தோடு கண்ணுக்குத் தெரியாத சில வரிகளும் கூடவே வரும். ஹெடர் என்று சொல்லப்படும் அந்த வரிகளில் ஒன்று பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
Cache-Control: max-age=60, stale-while-revalidate=6, stale-if-error=864000
```

மூன்று எண்களுமே விநாடிக் கணக்கு. முதலாவது ஒரு நிமிடம். அடுத்தது ஆறு விநாடி. கடைசியாக இருப்பதை வகுத்துப் பார்த்தால் சரியாகப் பத்து நாள். ஆறு விநாடியும் பத்து நாளும் ஏன் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கின்றன? அது புரிந்தால், சர்வர் படுத்த பிறகும் வாசகர் ஒன்றும் நடக்காததுபோல் செய்தி படித்துக்கொண்டிருப்பது எப்படி என்பது விளங்கும். எந்த இடத்தில் அந்தப் பாதுகாப்பு கைவிடுகிறது என்பதும் விளங்கும்.

பெரிய தளங்கள் எதுவும் வாசகரை நேரடியாகத் தங்கள் சர்வரிடம் அனுப்புவதில்லை. பக்கத்தை உருவாக்கும் மூல சர்வர் ஓரிடத்தில் இருக்கும். வாசகருக்கும் அதற்கும் நடுவே கேஷ் சர்வர்கள் பல நகரங்களில் இருக்கும். ஒருவர் கேட்ட பக்கத்தின் பிரதியை வைத்துக்கொண்டு, அடுத்து அதே பக்கத்தைக் கேட்பவருக்கு அந்தப் பிரதியையே கொடுப்பதுதான் அவற்றின் வேலை. இந்தச் சேவையை விற்கும் நிறுவனங்களில் ஒன்று ஃபாஸ்ட்லி; கார்டியன் அதன் வாடிக்கையாளர். கேஷில் இருக்கும் பிரதி எவ்வளவு நேரம் 'புதியது' என்று கணக்கில் கொள்ளப்படும் என்பதை `max-age` சொல்கிறது. கார்டியன் கட்டுரைக்கு அது அறுபது விநாடி.

அறுபது விநாடி முடிந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். பழைய முறையில், நேரம் தாண்டிய பிரதியைக் கேஷ் தொடாது. அறுபத்தோராவது விநாடியில் வரும் வாசகரைக் காக்க வைத்துவிட்டு, மூல சர்வரிடம் போய் "மாறியிருக்கிறதா?" என்று கேட்டு வரும். மூல சர்வர் மெதுவாக இருந்தால் வாசகர் காத்திருப்பார். அது பிழைச் செய்தி கொடுத்தால், அந்தப் பிழைச் செய்தியே வாசகருக்குப் போகும். ஒரு நிமிடத்துக்கு முன்பு வரை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்த நல்ல பிரதி கையிலேயே இருக்க, கேஷ் "503" என்ற எண்ணை எடுத்து நீட்டும்.

2010ஆம் ஆண்டு மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 5861 என்ற சிறு ஆவணம் இதற்கு இரண்டு திருத்தங்களை எழுதியது. எழுதியவர் மார்க் நாட்டிங்ஹாம். அப்போது யாஹூவில் இருந்தார். `stale-while-revalidate` என்றால், நேரம் தாண்டிய பிரதியை வாசகருக்கு உடனே கொடுத்துவிட்டு, பின்னணியில் போய்ப் புதியதைக் கொண்டுவரலாம் என்று அனுமதி. `stale-if-error` என்றால், மூல சர்வரிடம் போய்ப் பிழைதான் கிடைத்தது என்றால் அந்தப் பிழைக்குப் பதிலாகப் பழைய பிரதியைக் கொடுக்கலாம் என்று அனுமதி. முதலாவது வாசகரைக் காத்திருப்பிலிருந்து காக்கிறது. இரண்டாவது பிழைப் பக்கத்திலிருந்து காக்கிறது. இரண்டும் ஒரே வேலைக்கு இரண்டு பெயர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சர்வர் படுக்கும் நாளில்தான் வேறுபாடு தெரியவரும்.

கார்டியனின் அந்த மூன்று எண்களை வைத்து ஒரு நிகழ்வைக் கற்பனையாக நடத்திப் பார்ப்போம். காலை சரியாகப் பத்து மணிக்கு ஒரு கட்டுரையின் புதிய பிரதி கேஷுக்கு வந்து சேர்கிறது. முப்பது விநாடி கழித்து மூல சர்வர் செயலிழக்கிறது. அதற்குப் பதினைந்து விநாடி கழித்து ஒரு வாசகர் வருகிறார். பிரதிக்கு வயது நாற்பத்தைந்து விநாடிதான். கேஷ் அதைக் கொடுத்துவிடுகிறது. சர்வர் படுத்தது கேஷுக்கே இன்னும் தெரியாது.

பத்து மணி ஒரு நிமிடம் மூன்று விநாடிக்கு இன்னொருவர் வருகிறார். அறுபது விநாடி முடிந்துவிட்டது, ஆனால் அதன்பின் வரும் ஆறு விநாடிக்குள்தான் இருக்கிறோம். அவருக்கும் பழைய பிரதி கணமும் தாமதமின்றிப் போகிறது. அதே சமயம் பின்னணியில் கேஷ் மூல சர்வரைத் தட்டுகிறது. 503 என்று பதில் வருகிறது. இப்போதுதான் கேஷுக்கு விஷயம் தெரிகிறது. வாசகருக்கு இன்னும் தெரியாது.

மூன்றாமவர் ஒரு நிமிடம் பத்து விநாடிக்கு வருகிறார். ஆறு விநாடிச் சலுகை முடிந்துவிட்டது. கேஷ் இப்போது அவரை நிறுத்திவைத்துவிட்டுத்தான் மூல சர்வரிடம் போக வேண்டும். மறுபடி 503. அந்த 503ஐ அவரிடம் கொடுப்பதற்குப் பதிலாக, `stale-if-error` கொடுத்த அனுமதியின்படி பழைய பிரதியையே கொடுக்கிறது. வாசகர் பார்ப்பது வழக்கமான பக்கம். பிரவுசருக்குப் போகும் நிலைக் குறியும் எல்லாம் சரி என்று பொருள்படும் 200தான். இப்படியே பத்து நாள் வரை ஓடலாம் என்பது கணக்கு.

இந்த எண்களைக் கணக்கிடும் நிரலைக் கார்டியன் கிட்ஹப்பில் எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. அதில் `max-age` எவ்வளவோ அதில் பத்தில் ஒரு பங்கு `stale-while-revalidate`. அறுபதுக்கு ஆறு வந்தது அப்படித்தான். பத்து நாள் என்பது மட்டும் மாறாத எண். ஒரு செய்தித்தாளுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது. பரபரப்பான பக்கத்துக்கு ஒரு விநாடிகூட இடைவெளியில்லாமல் வாசகர்கள் வந்துகொண்டிருப்பார்கள். அறுபத்தோராவது விநாடியில் வரும் ஒருவர் பின்னணிப் புதுப்பிப்பைத் தொடங்கி வைத்துவிடுவார். சர்வர் நலமாக இருந்தால் ஆறு விநாடிக்குள் புதிய பிரதி வந்துவிடும். யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பெரிதாகப் பழைய செய்தியைப் படிக்கப்போவதும் இல்லை.

ஆனால் இதே வரியை அப்படியே நகலெடுத்து, மணிக்கு நான்கு பேர் வரும் தளத்தில் போட்டால் பயன் இல்லை. அங்கே அந்த ஆறு விநாடிக்குள் எவரும் வந்து விழப்போவதில்லை. வருகிற ஒவ்வொருவரும் சலுகை முடிந்த பிறகுதான் வருவார், ஒவ்வொருவரும் காத்திருப்பார். வருகை குறைந்த தளத்துக்கு `stale-while-revalidate` பல மணி நேரமாக, சில இடங்களில் ஒரு நாளாகக்கூட இருக்க வேண்டும்.

சர்வர் எப்படிச் சாகிறது என்பதும் இங்கே முக்கியம். மேலே சொன்ன கற்பனையில் அது உடனுக்குடன் 503 என்று சொல்லிவிட்டது. அது நல்ல சாவு. நிஜத்தில் டேட்டாபேஸ் திணறும்போது சர்வர் பெரும்பாலும் ஒன்றுமே சொல்லாது; இணைப்பை ஏற்றுக்கொண்டு அப்படியே தொங்கவிடும். பிழை என்று ஒன்று வந்தால்தான் `stale-if-error` வேலை செய்யும். பதிலே வராதபோது, காத்திருப்பு நேரம் தீரும் வரை அதற்கு வேலையில்லை. பரவலாகப் புழங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளைக் கேஷாக வைத்து, எதையும் மாற்றாமல் விட்டால், பதிலுக்காக அது காத்திருக்கும் நேரம் அறுபது விநாடி. அந்த நேரம் தீர்ந்த பிறகுதான் பழைய பிரதி வெளியே வரும். அறுபது விநாடி வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு எந்த வாசகர் உட்கார்ந்திருப்பார்? பழைய பிரதியைப் பத்து நாள் கொடுக்க அனுமதி இருந்தும், அவரைப் பொறுத்தவரை தளம் படுத்ததுதான்.

இங்கே `stale-while-revalidate`தான் கைகொடுக்கும். அதன் காலத்துக்குள் வருபவருக்குப் பிரதி உடனே போய்விடும்; தொங்குவது பின்னணிக் கோரிக்கை மட்டுமே. அதனால் சர்வர் மெல்ல மெல்லத் திணறிச் சாகும் பழக்கமுள்ள தளங்களில் ஆறு விநாடி போதாது. சில நிமிடங்களாவது வேண்டும். கூடவே கேஷின் காத்திருப்பு நேரத்தை இரண்டு மூன்று விநாடிக்குக் குறைத்துவிடவும் வேண்டும். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்பவர்கள், சலுகைக் காலம் முடியும் நிமிடத்தில் அதே வெள்ளைத் திரைக்குத் திரும்புவார்கள்.

இவ்வளவும் ஏட்டில் எழுதியபடி நடந்தால் கிடைக்கும் பலன். நடைமுறையில் இடையே பல தடைகள். முதல் தடை பிரவுசர். குரோம் 75ஆம் பதிப்பிலும் ஃபயர்ஃபாக்ஸ் 68ஆம் பதிப்பிலும், இரண்டும் 2019இல் வந்தவை, `stale-while-revalidate`ஐ ஏற்றுக்கொண்டன. `stale-if-error`ஐ இரண்டும் கண்டுகொள்வதில்லை. ஆகவே அந்தப் பத்து நாள் வாக்குறுதியைக் காப்பாற்றக்கூடியது நடுவில் இருக்கும் கேஷ் மட்டுமே. அதிலும் ஒவ்வொரு சேவையும் ஒவ்வொரு விதம். அமேசானின் கிளவுட்ஃபிரண்ட் இவ்விரண்டுக்கும் ஆதரவை 2023 மே மாதத்தில்தான் அறிவித்தது. ஃபாஸ்ட்லியில், மூல சர்வரோடு தொடர்பே கிடைக்காவிட்டால் பழைய பிரதி தானாகப் போகும். ஆனால் சர்வர் தொடர்புக்கு வந்து, வாய் திறந்து "503" என்று பதில் சொன்னால் தானாகப் போகாது. அப்போது பழையதைக் கொடு என்று வாடிக்கையாளரே சில வரி எழுதிச் சேர்க்க வேண்டும். ஹெடரில் எண்ணைப் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருப்பவர்கள், படுத்த நாளில்தான் இதைத் தெரிந்துகொள்வார்கள்.

அடுத்த தடை, ஹெடரை எழுதியவரே தெரியாமல் வைப்பது. பழைய பக்கம் போய்விடக் கூடாது என்ற அக்கறையில் பலர் `must-revalidate` என்ற சொல்லையும் சேர்த்துவிடுகிறார்கள். 2022இல் வந்த கேஷ் விதிமுறையான ஆர்.எஃப்.சி. 9111 இதற்குத் திட்டவட்டமான பொருள் சொல்கிறது: நேரம் தாண்டிய பிரதியை, மூல சர்வரிடம் சரிபார்க்காமல், எந்தச் சூழலிலும் கொடுக்கக் கூடாது; சர்வர் கிடைக்காவிட்டால் பிழையைத்தான் கொடுக்க வேண்டும். அதாவது `stale-if-error` ஒரு கையால் கொடுத்ததை இது மறுகையால் பிடுங்கிக்கொள்கிறது. ஒரே வரியில் இரண்டும் நிற்கும் தளங்கள் குறைவல்ல.

மூன்றாவது தடைதான் எல்லாவற்றையும்விட மோசமானது: பிழை, பிழை வேடத்தில் வராமல் இருப்பது. ஆர்.எஃப்.சி. 5861 பிழை என்று கணக்கில் எடுப்பது 500, 502, 503, 504 ஆகிய நான்கு குறிகளை. டேட்டாபேஸ் போய்விட்டது, ஆனால் நிரல் அந்தச் சிக்கலைத் தானே சமாளிக்கிறேன் என்று "மன்னிக்கவும், சிறிது நேரம் கழித்து முயலவும்" என்ற அழகான பக்கத்தை 200 என்ற குறியோடு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஷுக்கு அது வெற்றி. நல்ல பிரதியைத் தூக்கி எறிந்துவிட்டு மன்னிப்புப் பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். 404ம் இப்படித்தான். தேடிய கட்டுரை டேட்டாபேஸில் கிடைக்கவில்லை என்பதை "அப்படி ஒரு கட்டுரையே இல்லை" என்று நிரல் தவறாக மொழிபெயர்த்துச் சொன்னால், அந்த நான்கு குறிகளில் 404 இல்லாததால், பழைய பிரதிக்குப் பாதுகாப்பு கிடையாது. சரியாகத் தோற்கத் தெரிந்த சர்வருக்குத்தான் இந்த ஏற்பாடு உதவும்.

இன்னொன்று, படுத்த நேரத்துப் பதற்றம். தளத்தில் ஏதோ கோளாறு என்றதும் "கேஷைக் காலி செய்து பார்" என்பது பலருக்குக் கை தானாகப் போகும் வழக்கம். மூல சர்வர் உயிரோடு இருக்கும்போது அது தவறில்லை. அது செத்திருக்கும்போது காலி செய்தால், வாசகருக்கும் பிழைப் பக்கத்துக்கும் நடுவே மிஞ்சியிருந்த ஒரே பிரதியும் போய்விடும். இதற்காகவே ஃபாஸ்ட்லியில் 'சாஃப்ட் பர்ஜ்' என்ற வசதி உண்டு: பிரதியை அழிக்காமல், நேரம் தாண்டியதாக மட்டும் குறித்து வைக்கும். புதியது கிடைத்தால் மாற்றிக்கொள்ளும். கிடைக்காவிட்டால் பழையது கையில் இருக்கும். வெட்டி எறிவதற்குப் பதிலாக இதைப் பழக்கமாக்கிக்கொள்வது பெரிய வித்தியாசத்தைத் தரும்.

பத்து நாள் என்று எழுதினால் பத்து நாள் பிரதி இருந்தே தீரும் என்பதும் இல்லை. கேஷின் இடம் அளவானது. யாரும் கேட்காத பக்கங்களை அது முதலில் அகற்றும். முகப்பும் அன்றைய பெரிய செய்தியும் தப்பிக்கும். ஐந்து வருடத்துக்கு முந்தைய கட்டுரை தப்பிக்காது. அதனால் பகுதிச் செயலிழப்பின்போது ஒரே தளத்தில் ஒருவருக்கு எல்லாம் சரியாகவும், இன்னொருவருக்குப் பிழையாகவும் தெரியும். லாகின், கருத்து எழுதுவது, பணம் கட்டுவது போன்றவை கேஷில் இருக்கவே முடியாதவை என்பதால் அவை முதல் விநாடியிலேயே நின்றுவிடும்.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை எல்லையை உலகம் பார்த்த நாள் 2021 ஜூன் 8. ஃபாஸ்ட்லி மே 12 அன்று தன் மென்பொருளில் செய்த மாற்றத்தில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. ஜூன் 8 காலை ஒரு வாடிக்கையாளர் தன் அமைப்பில் முறையான ஒரு மாற்றத்தைச் செய்தபோது அது வெடித்தது. இந்திய நேரப்படி பிற்பகல் 3.17க்கு ஃபாஸ்ட்லி வலையமைப்பில் 85 சதவீதம் பிழைச் செய்தி கொடுக்கத் தொடங்கியது. கார்டியன், நியூயார்க் டைம்ஸ், ரெடிட், பிரிட்டிஷ் அரசின் தளம் என்று வரிசையாக எல்லாம் போயின. தி வெர்ஜ் என்ற செய்தித் தளம் கூகுள் டாக்ஸில் செய்தி வெளியிட்டது. நாற்பத்தொன்பது நிமிடத்தில் 95 சதவீதம் மீண்டுவிட்டது.

அன்று கார்டியனின் ஹெடரில் இருந்த பத்து நாள் அனுமதி ஒரு விநாடிக்குக்கூட உதவவில்லை. காரணம் எளிது. மூல சர்வர் படுத்தால் கேஷ் காப்பாற்றும் என்பதுதான் ஒப்பந்தம். அன்று மூல சர்வர்கள் நலமாக இருந்தன. பிரதிகளை வைத்திருந்த கேஷே விழுந்தது. வாசகருக்கு மிக அருகில் உள்ள இடம் பிரவுசர். அதுவோ `stale-if-error`ஐ மதிப்பதில்லை. பிரவுசர்களும் அதை மதித்திருந்தால், முன்பே திறந்து பார்த்த பக்கங்களையாவது அன்று வாசகர்கள் மறுபடி பார்த்திருக்க முடியும். பதினைந்து ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட ஒரு வசதியைப் பிரவுசர் தயாரிப்பாளர்கள் இவ்வளவு காலம் ஒதுக்கி வைத்திருப்பது சரியல்ல.

நன்றாக வேலை செய்யும்போதும் ஓர் ஆபத்து உண்டு. வாசகர் எதையும் உணராமல் இருப்பதுபோலவே, தளத்தை நடத்துபவரும் உணராமல் போகலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முகப்பைத் திறந்து பார்த்து "200 வருகிறது, நலம்" என்று பதிவு செய்யும் கண்காணிப்பு மென்பொருளும் கேஷ் வழியாகத்தான் வருகிறது. அதற்கும் பழைய பிரதிதான் கிடைக்கும். மூல சர்வர் இரவு முழுக்கச் செத்துக் கிடக்க, காலையில் ஓர் ஆசிரியர் "நான் போட்ட செய்தி ஏன் தளத்தில் வரவில்லை?" என்று கேட்கும்போதுதான் உண்மை தெரியவரும். செய்தித் தளம் என்றால் அது வெறும் சங்கடம். இருப்பு, விலை, வெள்ள எச்சரிக்கை, மருந்து அளவு போன்றவற்றைக் காட்டும் பக்கம் என்றால், நேற்றைய தகவலைச் சரியான தகவல்போலக் காட்டுவது பிழைப் பக்கத்தைக் காட்டுவதைவிடக் கெடுதல். அத்தகைய பக்கங்களுக்கு `must-revalidate`தான் நேர்மையான தேர்வு. அங்கே வாசகர் பிழையைப் பார்ப்பதே நல்லது.

பிரதி பழையதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கேஷ் கொடுக்கும் பதிலில் `Age` என்ற ஹெடர் வரும். பிரதியின் வயது எத்தனை விநாடி என்பது அது. அந்த எண் `max-age`ஐத் தாண்டியிருந்தால், கையில் இருப்பது காலாவதியான பிரதி. அறுபதுக்கு அறுபத்து நான்கு என்றால் பின்னணியில் புதுப்பிப்பு நடக்கிறது என்று விட்டுவிடலாம். அறுபதுக்கு 7,200 என்றால், கார்டியன் போன்ற எண்களை வைத்திருக்கும் தளத்தின் மூல சர்வர் இரண்டு மணி நேரமாகப் பதில் சொல்லவில்லை என்றுதான் பொருள். தளம் நடத்துபவர்களின் கண்காணிப்பு இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்; கூடவே கேஷைத் தாண்டி மூல சர்வரையே நேரடியாகத் தட்டிப் பார்க்கவும் வேண்டும்.

சொந்தமாக ஒரு தளம் வைத்திருப்பவர்கள், அது பள்ளித் தளமோ பத்திரிகையோ கடையோ எதுவானாலும், இன்றே ஒரு கட்டளையை ஓட்டிப் பாருங்கள். முகவரி இருக்கும் இடத்தில் உங்கள் முகவரியைப் போடுங்கள்:

```
curl -I https://example.com/
```

வருகிற வரிகளில் `Cache-Control`ஐத் தேடுங்கள். `stale-if-error` இல்லையென்றால், சர்வர் படுத்ததும் வாசகர் பிழைப் பக்கத்தைத்தான் பார்ப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். இருந்து, பக்கத்திலேயே `must-revalidate`ம் இருந்தால், அதை யார் சேர்த்தார்கள், எதற்காக என்று கேளுங்கள். இரண்டும் சரியாக இருந்தால், சோதனைத் தளத்தில் மூல சர்வரை வேண்டுமென்றே ஒருமுறை நிறுத்திவிட்டு, பிறகு இன்னொரு முறை பதிலே சொல்லாமல் தொங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் பக்கம் வருகிறதா, எத்தனை விநாடியில் வருகிறது என்று பாருங்கள்.